நான்கு பேருக்கு ஐந்து சீட்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில் மூன்று சிறிய விருந்தினர் இல்லங்களை நடத்தும் ஒரு குடும்ப நிறுவனத்தில் நான் அலுவலகப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். தங்க வருகிறவர்களின் விசாரணைகள் மின்னஞ்சலிலும் வலைத்தளப் படிவத்திலும் வாட்ஸ்அப்பிலும் தனித்தனியாக வந்துகொண்டிருந்தன. ஒரே குடும்பத்துக்கு எங்களில் இருவர் இரண்டு விதமான வாடகையைச் சொல்லிவிட்ட ஒரு நாளுக்குப் பிறகு, எல்லா விசாரணைகளையும் ஒரே பெட்டியில் சேர்த்து, யார் எதற்குப் பதில் சொன்னார் என்று காட்டும் மென்பொருள் ஒன்றை வாங்க முடிவு செய்தோம். அது 2024 மார்ச் மாதம். பதில் எழுதுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் விலைப்பக்கத்தில் மூன்று திட்டங்கள் மூன்று கட்டங்களாக இருந்தன. எங்களுக்குத் தேவையான வசதி நடுக்கட்டத்தில் இருந்தது. அதில் `$12` என்பது பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, வெளிர்சாம்பல் நிறத்தில், `per user/month, billed annually` என்று சிறிய எழுத்தில் இருந்தது. நான் அந்த வரியைப் படிக்காமல் விடவில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு மாதம் 12 டாலர் வீதம் வசூலிப்பார்கள் என்று அதைப் புரிந்துகொண்டேன். நான்கு பேருக்கு 48 டாலர், டாலருக்கு 83 ரூபாய் என்று வைத்தால் 3,984 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டினேன். "மாசம் நாலாயிரத்துக்குள்ளதானே வருது, வாங்கிடும்மா" என்றார் சார்.

பணம் செலுத்திய நாள் ஒரு சனிக்கிழமை. கிரெடிட் கார்டு சாரின் பெயரில் இருந்ததால் ஓ.டி.பி. அவருடைய கைப்பேசிக்கு வந்தது. அவர் தோட்டத்தில் இருந்தபடியே ஆறு இலக்கங்களை எனக்குப் போனில் சொன்னார். நான் அலுவலகத்துக் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தேன். சிறிய திரையில் ஆணையின் விவரம் `Order summary` என்ற ஒற்றை வரியாக மடங்கி மேலே இருந்தது. அதைத் தொட்டிருந்தால் விரிந்திருக்கும், நான் தொடவில்லை. ஓ.டி.பி. வந்த குறுஞ்செய்தியில் தொகையும் இருந்தது. சார் எண்களை மட்டும் வாசித்தார். சில நிமிடங்களில் வந்த ரசீதில் 5 சீட், அதாவது ஐந்து பயனருக்கான இடம், 12 மாதம், 720 டாலர் என்று இருந்தது.

720 டாலர் 83 ரூபாய் வீதம் 59,760 ரூபாய். எங்கள் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்பதால் அதற்கு 2,092 ரூபாயும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 376 ரூபாயும் சேர்ந்து, கார்டு அறிக்கையில் மொத்தம் 62,228 ரூபாய் வந்தது. சீசனுக்கு முந்தைய மார்ச் மாதத்தில், கூரை பழுது பார்ப்பதற்கும் படுக்கை விரிப்புகளை மாற்றுவதற்கும் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் இது பெரிய பகுதி. அன்று மாலையே நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில்தான் வந்தது: இந்தத் திட்டத்தில் குறைந்தபட்சம் ஐந்து சீட் வாங்க வேண்டும், ஆண்டுச் சந்தா திருப்பித் தரப்படாது, இரண்டும் எங்கள் விதிமுறைகளில் இருக்கின்றன என்றார்கள். தேடிப் பார்த்தேன்; இருக்கத்தான் செய்தன.

அந்த ஒற்றை வரியைப் பிறகு நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒன்றாக நிற்கின்றன. `per user/month` என்பது வீதம் மட்டுமே. எதை எதனால் பெருக்க வேண்டும் என்று சொல்கிறது, எவ்வளவு கட்டுவீர்கள் என்று சொல்வதில்லை. `billed annually` என்பதுதான் ஒப்பந்தம்: பன்னிரண்டு மாதத்துக்கான தொகை முதல் நாளிலேயே போய்விடும், நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அவருடைய சீட்டுக்கான பணம் திரும்ப வராது. எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை கொடுக்கிற விவசாயி கிலோவுக்கு என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிட மாட்டார்; மழைக்காலத்தில் ஈரத்துக்கு நூறு கிலோவில் எத்தனை கிலோ கழிப்பார்கள் என்றும் கேட்பார், ஏனென்றால் கையில் வரும் பணத்தை அந்த இரண்டாவது எண்ணும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மென்பொருள் விலையில் அந்த இரண்டாவது எண் குறைந்தபட்ச சீட்.

அதே பக்கத்தின் மேல்பகுதியில் மாதம், ஆண்டு என்று மாற்றிக்கொள்ளும் ஒரு பொத்தான் இருந்தது. பக்கம் திறக்கும்போதே அது ஆண்டின் பக்கம் இருந்ததால் நான் அதைத் தொடவில்லை. மாதத்தின் பக்கம் மாற்றினால் 12 என்பது 15 ஆகிறது. ஆண்டுக்கு வாங்கினால் 20 சதவீதம் மிச்சம் என்பது இதிலிருந்துதான் வருகிறது. நாங்கள் கட்டிய 720 டாலரை, உண்மையில் பயன்படுத்திய நான்கு பேருக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் வகுத்தால் ஒருவருக்கு மாதம் 15 டாலர் வருகிறது. அதாவது ஆளில்லாத ஐந்தாவது சீட் ஆண்டுத் தள்ளுபடி முழுவதையும் விழுங்கிவிட்டது. மூன்று பேர் மட்டும் இருந்திருந்தால் அது 20 டாலர். இருவர் என்றால் 30. குறைந்தபட்ச எண்ணிக்கையை வீதத்தால் பெருக்கி, நம்மிடம் உள்ள ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் நமக்கான விலை. பெரிய எழுத்தில் இருப்பது, சீட்டுகளை ஒன்றுகூட மிச்சமில்லாமல் நிரப்பக்கூடிய நிறுவனத்துக்கான விலை.

அந்த ஐந்து என்ற எண் பக்கத்தில் எங்கேதான் இருந்தது என்று தேடியபோது இரண்டு இடங்களில் கிடைத்தது. திட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய வட்டத்துக்குள் இருந்த `i` குறியின் மேல் சுட்டியை வைத்தால் தோன்றும் குறிப்பு ஒன்று. கைப்பேசியில் சுட்டி என்பதே இல்லாததால் அங்கே அது தென்படவே இல்லை. பக்கத்தின் அடியில், மடக்கி வைத்த கேள்வி பதில்களுக்குள் மற்றொன்று. பக்கத்தில் சொல்லைத் தேடும் வசதியில் `minimum` என்று தேடினால் கண்டுபிடித்துவிடலாம் என்று நாம் நினைப்போம். ஆனால் மடங்கியிருக்கும் பகுதிக்குள் உள்ள சொற்கள் பல பக்கங்களில் அந்தத் தேடலில் சிக்குவதில்லை. எனவே எல்லாக் கேள்விகளையும், திட்டங்களை ஒப்பிடும் அட்டவணையையும் முழுவதுமாக விரித்துவிட்டு, பிறகு `min` என்றும் `seat` என்றும் `starting at` என்றும் தேடுகிறேன். வேறு சில பக்கங்களில் விலைக்கு அருகே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அதன் விளக்கம் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கும். இன்னும் சிலவற்றில் எங்குமே எழுதியிருக்காது. பணம் செலுத்தும் பக்கத்தில்தான் தெரியவரும்.

அதனால் இப்போது நான் விலைப்பக்கத்தை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. கணினியில், பெரிய திரையில், கார்டு எண் கேட்கும் இடம் வரை போய்ப் பார்க்கிறேன். சீட் எண்ணிக்கைக்கான கட்டத்தில் 1 என்று தட்டுகிறேன். கழித்தல் பொத்தான் மங்கி நின்றாலோ, நான் தட்டிய 1 தானாக 5 ஆக மாறினாலோ குறைந்தபட்சம் எது என்று தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தக் குறைந்தபட்சத்துக்கு ஒன்று கூட்டித் தட்ட வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை, நானும் முதலில் செய்யவில்லை. பிறகு எங்கள் திட்டத்திலேயே 6 என்று தட்டினேன். அது 10 ஆக மாறியது. அதாவது அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சம் ஐந்து என்பது மட்டுமல்ல, சீட்டுகளே ஐந்து ஐந்தாகத்தான் விற்கப்பட்டன. இப்படி ஐந்து ஐந்தாக விற்பதன் பொருள் அந்த ஆண்டு மே மாதத்தில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அறை கேட்டு வந்த விசாரணைகளோடு, பாஸ் எடுப்பது எப்படி, எத்தனை நாளுக்கு எடுக்க வேண்டும், வண்டி மாறினால் என்ன செய்வது என்ற கேள்விகளும் சேர்ந்து, பெட்டி காலை எட்டு மணிக்கே நிரம்பியது. சீசன் முடியும் வரை பதில் எழுத இரண்டு பிள்ளைகளை வேலைக்கு எடுத்தோம். ஒருவருக்கு, காலியாகக் கிடந்த ஐந்தாவது சீட்டைக் கொடுத்தோம். அடுத்தவர் ஆறாவது ஆள். அவரைச் சேர்க்கப் போனபோது திரையில் 600 டாலர் என்று வந்தது. ஐந்து சீட், 12 டாலர், ஆண்டு முடிய மீதமிருந்த பத்து மாதம். ஒரே ஆள், சில வாரங்களுக்கு. ஆண்டு ஒப்பந்தத்தில் சீட்டை எந்த நாளிலும் கூட்டலாம், மீதமுள்ள காலத்துக்கு மட்டும் கட்டணம் என்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் கூட்டியதை அடுத்த புதுப்பிப்பு வரும் வரை குறைக்க முடியாது என்பது அதன் மறுபாதி. நாங்கள் வாங்கவில்லை.

ஒரே கணக்கை இருவர் பயன்படுத்தலாமே என்று அப்போது பேச்சு எழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான விதிமுறைகளில் ஒரு சீட் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கானது, பகிர்ந்ததாகத் தெரிந்தால் கணக்கை முடக்கலாம். அதைவிட முக்கியமாக, யார் என்ன வாடகை சொன்னார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த மென்பொருளை வாங்கினோம்; இருவர் ஒரே பெயரில் எழுதினால் அந்தப் பயன் போய்விடும். ஆனால் ஒருவரின் கணக்கை நிறுத்திவிட்டு அதே சீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. மதியத்தோடு வீட்டுக்குப் போகும் அக்கா ஒருவர், "என்னோடத எடுத்து அந்தப் பிள்ளைக்கு மாத்தி விட்டுடுங்க, மேனேஜர் அம்மா. நான் போன் பாத்துக்கறேன்" என்றார். அந்த மாதம் முழுவதும் அப்படியே ஓட்டினோம்.

வரியைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஏனென்றால் விலைப்பக்கத்தில் அது இருப்பதே இல்லை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வாங்கும் மென்பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் வாங்கினால் விற்பவரே அதைச் சேர்த்து வசூலிக்க வேண்டும். பதிவு உள்ள நிறுவனம் தன் எண்ணைக் கொடுத்து வாங்கினால் ரசீதில் வரி வராது. வாங்குகிறவரே அதை நேரடியாக அரசுக்குச் செலுத்த வேண்டும். இது வாங்குபவர் வரி செலுத்தும் முறை, ஆடிட்டர்கள் ஆர்.சி.எம். என்று சொல்வது. 59,760 ரூபாய்க்கு 10,757 ரூபாயை நாங்கள் ரொக்கமாகக் கட்டிவிட்டுத்தான், பிறகு அதை, விருந்தினர்களிடம் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்தோம். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது, அதோடு அந்த வரவை எடுக்கும் உரிமையும் போயிற்று. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 18 சதவீதம் இப்போது கையைவிட்டுப் போகிற செலவு. ஒப்பிடும்போது அதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

2024 இறுதியில், மறுபடி வாங்குவதா வேண்டாமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மலையில் தொழில் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஏப்ரலிலும் மேயிலும் எங்களுக்கு ஆறு பேர் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவமழையில், பதில் எழுத இருவர் போதும். மற்ற இருவர் தேயிலைப் பொட்டலங்கள் கட்டும் வேலைக்குப் போய்விடுவார்கள். செப்டம்பரில் இரண்டாவது சீசன் தொடங்கியதிலிருந்து மார்ச் வரை நான்கு பேர். ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை பேர் என்று எழுதிக் கூட்டினால் ஆண்டுக்கு 46 வருகிறது. இதை நான் ஆள்மாதம் என்று என் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விலைப்பக்கத்தைத் திறப்பதற்கு முன் நம்மிடம் இருக்க வேண்டிய ஒரே எண் இதுதான்.

வேறொரு நிறுவனத்தின் திட்டம் ஒருவருக்கு மாதம் 16 டாலர், மாதாமாதம் வசூல், ஒருவர் முதல் எத்தனை பேர் வேண்டுமானாலும். 12க்கும் 16க்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கிறது என்பதால் முதல் ஆண்டில் நான் அதைப் பார்த்த உடனேயே ஒதுக்கியிருந்தேன். இப்போது 46ஐ 16ஆல் பெருக்கினேன்: 736 டாலர். பழைய திட்டத்தில் ஐந்து சீட்டுக்கு 720 டாலர், அதிலும் மே மாதத்தில் ஆறாவது ஆளுக்கு இடமில்லை. இடம் வேண்டுமென்றால் பத்து சீட், 1,440 டாலர். 16 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் சீசனுக்கு ஆறு பேரும் கிடைக்கிறார்கள், மார்ச் மாதத்தில் மொத்தப் பணமும் போவதில்லை. ஆண்டு முழுக்க ஒரே எண்ணிக்கையில் ஆள் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, சீட்டெல்லாம் நிரம்பியிருந்தால், ஆண்டுச் சந்தாவே மலிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பழைய திட்டத்தின் ஆண்டு விலையும் மாத விலையும் சமமாகும் இடம் 9.6 மாதம், ஒரு சீட்டைப் பத்து மாதமாவது பயன்படுத்துவோம் என்ற உறுதி இருந்தால்தான் ஆண்டு விலை லாபம்.

புதிய நிறுவனத்திடம் வாங்குவதற்கு முன் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேட்டேன். எங்கள் நான்கு பேருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு வசூலிப்பீர்கள். ஏப்ரல் 1 அன்று இருவரைச் சேர்த்து மே 31 அன்று நீக்கினால் அந்த இரண்டு ரசீதுகளும் எவ்வளவு வரும். நீக்கிய சீட் உடனே கணக்கிலிருந்து போகுமா, அடுத்த ரசீதிலிருந்தா. விலை என்ன என்று பொதுவாகக் கேட்டால் விலைப்பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்புவார்கள். நம் ஆட்களின் எண்ணிக்கையும் தேதியும் போட்டுக் கேட்டால் தொகையைச் சொல்லியாக வேண்டும், அது எழுத்தில் நம்மிடம் இருக்கும். நீக்கிய சீட் அடுத்த ரசீதிலிருந்துதான் குறையும் என்று பதில் வந்தது. எனவே ரசீது தேதிக்கு முந்தைய நாளே நீக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன்.

பழைய சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் வகையில் இருந்தது. நிறுத்துவதென்றால் முப்பது நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது விதி. 2025 ஜனவரியிலேயே கணக்கு அமைப்பில் அதை நிறுத்தி, நிறுத்திய திரையைப் படமெடுத்து வைத்தேன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் தானாக எடுக்கப்படும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும் என்பதால், ஆண்டுச் சந்தா நமக்குத் தெரியாமல் போய்விடும் வாய்ப்பு குறைவுதான். புதிய முறையில் கவனம் வேறு இடத்தில் வேண்டியிருக்கிறது. ஆறு பேருக்கே மாதம் 96 டாலர்தான். அந்த வரம்புக்குள் இருப்பதால் எதுவும் கேட்காமலே எடுக்கப்படும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து ஓர் அறிவிப்பு மட்டும் வரும். அது சாரின் கைப்பேசிக்கு வந்ததும் எனக்கு அனுப்பிவிடுகிறார், எண்ணிக்கையை அன்றே சரிபார்க்கிறேன்.

2025 மே 31 அன்று, கடைசி விருந்தினரின் வண்டி கிளம்பிய பிறகு, சீசனுக்கு வந்த இரண்டு பிள்ளைகளையும் பொட்டல வேலைக்குப் போகும் இருவரையும் பட்டியலிலிருந்து நீக்கினேன். ஜூன் 1 அன்று வந்த ரசீதில் 2 பயனர், 32 டாலர் என்று இருந்தது.